வேலை காத்திருக்கும்

பார்கோடு சாரின் அப்பா இறந்துபோன சேதி எனக்கு ஒரு தானியங்கிப் பதிலாக வந்தது. "குட் மார்னிங் சார், லேபிளுக்கு ஒப்புதல் இன்னும் வரவில்லையே, கொஞ்சம் பாருங்களேன்" என்று காலையில் வந்ததும் வராததுமாக அவருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டிருந்தேன். கையை எடுப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. என்னடா இது, மனுஷன் இவ்வளவு வேகமா என்று திறந்தால், "என் தந்தை நேற்று மாலை காலமானார். சில நாட்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டேன். அவசரமென்றால் என் உதவியாளரை அழைக்கவும்" என்று இருந்தது. அவ்வளவுதான். யார் மெயில் போட்டாலும் போகிற பதில்.

நேற்று மாலை என்ற வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது. நேற்று மாலை அவர் என்னோடுதான் இருந்தார். அதாவது என் மீட்டிங்கில் இருந்தார்.

நாங்கள் லேபிள் அச்சடிக்கிறவர்கள். மருந்து பாட்டில், பெயிண்ட் டப்பா, ஷாம்பு, எதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் காகிதமும் எங்களுக்கு ஒன்றுதான். வாடிக்கையாளர்களைப் பிடித்து வைத்துக்கொள்வது என் வேலை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பதால் ஆபீஸில் எனக்கு ரேடியோ என்று பெயர். பார்கோடு சார் ஒரு ஷாம்பு கம்பெனியில் பேக்கிங் சாமான்கள் வாங்கும் பிரிவின் தலைவர். எங்கள் பெரிய வாடிக்கை. அச்சுக்கு முன் நாங்கள் காட்டும் ஒவ்வொரு ப்ரூஃபிலும் பார்கோடின் கோடுகளை அவரே ஒரு மெஷினை வைத்துப் படித்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் அந்தப் பெயர். அதிர்ந்து பேச மாட்டார். எதையும் வாயைத் திறந்து கேட்க மாட்டார். காபி வேண்டுமா என்றால்கூட, உங்களுக்குச் சிரமமில்லையென்றால் என்பார்.

அப்படிப்பட்டவர் நேற்றுக் காலை எனக்குப் போன் செய்தார்.

"அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்மா. இன்னிக்கு மீட்டிங்கை நாளைக்கு வெச்சுக்க முடியுமா?"

நான் என்ன சொன்னேன்? இப்போதும் நாக்கு கூசுகிறது. "ஐயோ, சீக்கிரம் சரியாயிடும் சார், கவலைப்படாதீங்க. ஆனா இன்னிக்கு ஒப்புதல் வரலன்னா மெஷின் கை விட்டுப் போயிடும் சார், அப்புறம் அடுத்த வாரம்தான். அரை மணி நேரம்தான். அங்கிருந்தே சேர்ந்துக்குங்களேன்." மூச்சு விடாமல் சொன்னேன். பிறகு, "சரிம்மா" என்றார்.

மெஷின் கை விட்டுப் போகாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். அன்று காலைதான் மெஷின் ஃபோர்மேன் அண்ணன், "ஷாம்பு வேலை இன்னிக்கு வரலன்னாலும் பரவாயில்ல, பெயிண்ட் வேலையை முன்னாடி இழுத்து ஓட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாசக் கடைசி. இந்த மாசத்துக்குள் அந்த வேலை மெஷினில் ஏறிவிட்டால் முதலாளி முகம் மலரும், எனக்கும் ஒரு சபாஷ் கிடைக்கும். அதற்காகத்தான் சொன்னேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

அரை மணி நேரம் என்பது அனுமார் வால் மாதிரி நீண்டது. ஷாம்பு கம்பெனியின் சட்டப் பிரிவுக்காரர், பின்பக்கம் இருக்கிற எச்சரிக்கை வாசகத்தின் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். விளம்பரப் பிரிவுப் பெண், பெரிதாக்கினால் பூப் படம் நசுங்கும் என்றாள். இருவரும் மல்லுக்கு நின்றார்கள். பார்கோடு சார் கேமராவை அணைத்துவிட்டு இருந்தார். நடுவில், "நான் கொஞ்சம் கிளம்பணும், முடிச்சுக்கலாமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் சொன்னார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோக் அடித்தேன்.

"சார் இன்னிக்கு ஓடப் பார்க்கறாரு, யாரும் விட்டுடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இருந்துவிட்டார்.

தானியங்கிப் பதிலைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்புச் சத்தம்தான் காதில் கேட்டது. பாவி, பாவி என்று என்னையே நாலு முறை திட்டிக்கொண்டேன். பிறகு எழுந்து முதலாளி அறைக்குப் போய்ச் சேதியைச் சொன்னேன்.

முதலாளி உச்சுக் கொட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வருத்தத்துக்கு ஆயுசு குறைவு.

"நல்லா ஒரு இரங்கல் மெயில் போடு ரேடியோ. கம்பெனி சார்புல. அவங்க டீம் மொத்தத்தையும் நகல்ல சேர்த்துடு. கடைசில, ஒப்புதல் வந்ததும் உடனே அச்சுக்குப் போயிடும்னு ஒரு வரி. சும்மா ஞாபகப்படுத்தற மாதிரி."

"சார், அப்பா செத்துப்போயிருக்காரு."

"அதனாலதான் சும்மான்னேன்."

என் மேஜைக்கு வந்து எழுத ஆரம்பித்தேன். நிறைய எழுதினேன். துக்கம் என்றால் ரேடியோவுக்கு இன்னும் சத்தம் கூடும் போலிருக்கிறது. 'நீங்கள் எவ்வளவு நொறுங்கிப் போயிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. என் அப்பா போனபோது நானும் இப்படித்தான்' என்று ஆரம்பித்து, 'உங்களை நேற்று நான் விட்டிருக்க வேண்டும், நீங்கள் கேட்டீர்கள், நான் மறுத்தேன், மெஷினைப் பற்றி நான் சொன்னது பொய், என்னை மன்னித்துவிடுங்கள்' என்று கொட்டி முடித்தபோது திரை நிறைந்துவிட்டது. கண்ணும்தான்.

எனக்குப் பின் மேஜையில் இருப்பவர் கணக்கு அக்கா. வாய் கத்தி, மனசு வெண்ணெய் என்பார்களே, அந்த ரகம். மாமியார், அப்பா, அண்ணன் என்று வரிசையாகச் சாவுகளைப் பார்த்தவர். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, என் தோள் வழியாகப் படித்தார்.

"இது யாருக்குடி?"

"பார்கோடு சாருக்கு."

"அவருக்கு மாதிரி தெரியலையே. உனக்கு நீயே எழுதிக்கிட்ட மாதிரி இருக்கு. அப்பாவைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கறவன் கையில உன் மூட்டையையும் ஏத்தறியே. இதைப் படிச்சுட்டு அவர் என்ன பண்ணணும்? பரவாயில்லம்மா, அழாதேன்னு உனக்கு ஆறுதல் எழுதணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ரேடியோவுக்கே கரண்ட் போன மாதிரி.

அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். அவர் நொறுங்கினாரா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும், எடு. உன் அப்பா கதை எதற்கு, எடு. மன்னிப்புக் கேட்க இதுவா நேரம், அதையும் எடு. பழைய லேபிள் மெயிலுக்குக் கீழே பதிலாகப் போடாதே, புதிதாக ஆரம்பி. நகலில் ஒருத்தரையும் சேர்க்காதே, துக்கம் என்ன சுற்றறிக்கையா? ஒப்புதல் பேச்சே வேண்டாம், முதலாளியை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சரி என்று அனுப்பப் போனபோது அவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மெயிலின் அடியில், என் பெயருக்குக் கீழே, தானாக ஒட்டிக்கொள்கிற விளம்பரம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. 'உங்கள் பொருளுக்குப் புது ஜொலிப்பு! எங்கள் தங்க நிற லேபிள்கள்!'

"கடவுளே!" என்று அதையும் அழித்தேன்.

மிஞ்சியது இவ்வளவுதான்.

'மதிப்பிற்குரிய சார், உங்கள் தந்தையார் காலமான செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன். உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள். லேபிள் வேலையைப் பற்றி இப்போது நீங்கள் நினைக்கவே வேண்டாம். மெஷின் நேரத்தை நாங்கள் மாற்றி வைத்துக்கொள்கிறோம். நீங்கள் திரும்பி வரும்வரை வேலை காத்திருக்கும். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.'

"இது போதும். மரியாதையா இருக்கு. அவருக்குத் தொந்தரவும் இல்ல" என்றார் அக்கா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைச் சொல்லட்டுமா? அந்த மன்னிப்பு வரிகளை அழித்தபோது, அவருடைய துக்கத்தில் என் மூட்டையை ஏற்றக் கூடாது என்பது ஒரு காரணம். எழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று நான் அப்போது பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது சௌகரியமாக இருந்தது.

பதில் வரவில்லை. வேண்டாம் என்று நானே எழுதியதுதானே! ஆனாலும் ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதலாளி இரண்டு முறை, "என்ன ஆச்சு பார்கோடு?" என்று கேட்டார். "வருவார் சார்" என்றேன். பெயிண்ட் வேலை முன்னால் ஓடியது, மருந்து வேலை ஓடியது, உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஃபோர்மேன் அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. அதைப் பார்க்க முடியாமல் நான்தான் அச்சுக்கூடத்துப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு உதவியாளர் கூப்பிட்டார். திருத்திய ப்ரூஃபை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்கிறார் என்றார். போனேன். ஷாம்பு கம்பெனியின் மீட்டிங் அறை எனக்குப் பழகிய இடம். கண்ணாடிச் சுவர், நடுவில் நீள மேஜை, ஓரத்து அலமாரியில் மாதிரி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். எங்கள் லேபிள் ஒட்டிய பாட்டில்களைப் பார்த்தால் எப்போதும் எனக்கு ஒரு பெருமை பொங்கும். அன்று அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பார்கோடு சார் இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. "ரொம்ப வருத்தமா இருந்துச்சு சார்" என்று சொன்னேன். "ம்" என்று தலையாட்டினார். ப்ரூஃபை விரித்தோம். வழக்கம்போல மெஷினை வைத்துக் கோடுகளைப் படித்தார். சட்டப் பிரிவுக்காரர் எழுத்தை அளந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். விளம்பரப் பிரிவுப் பெண்ணும் போனாள். நானும் பையை எடுத்தேன்.

"ஒரு நிமிஷம் உட்காருங்கம்மா" என்றார் அவர்.

உட்கார்ந்தேன். கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"உங்க மெயில் வந்துச்சு. நல்ல மெயில். வந்த மெயில்லயே அதுல மட்டும்தான் வேற எதுவும் கேட்கல." மூடியை மறுபடி கழற்றினார். "ஆனா அதுல, வேலை காத்திருக்கும்னு எழுதியிருந்தீங்க. மெஷின் நேரத்தை மாத்திக்கறோம்னு."

எனக்கு விளங்கிவிட்டது.

"முன்னாடி நாள் காத்திருக்காதுன்னு சொன்னீங்களே, அதனால கேட்டேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. அந்த மனுஷன் மேஜையைத் தட்டிக் கத்தியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். ஏதோ ஒரு பார்கோடில் ஒரு கோடு தள்ளி இருப்பதைக் காட்டுகிற மாதிரி கேட்டார்.

"காத்திருந்திருக்கும் சார்" என்றேன். "நான் பொய் சொன்னேன். மாசக் கடைசின்னு. உங்கப்பாவுக்கு அவ்வளவு முடியலைன்னு எனக்குத் தெரியாது சார்... தெரியாதுன்னுகூடச் சொல்ல முடியாது, நீங்க ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல."

அவர் கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே யாரோ ஆபீஸ் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டதென்று மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் கீழ கார்ல உட்கார்ந்துதான் மீட்டிங்ல இருந்தேன்" என்றார். "மேல வார்டுல பேசக்கூடாதுன்னுட்டாங்க. எங்க அக்கா அப்பாகூட இருந்தா. நான் மேல போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"சார்..."

"அது விதின்னு வெச்சுக்கலாம். டாக்டரே அவ்வளவு சீக்கிரம்னு நினைக்கல. ஆனா அக்கா என்கூடப் பேசறதில்ல. செத்த வீட்டுலயே எல்லார் முன்னாடியும் சொன்னா, ஆபீஸ் வேலைதான் பெருசுன்னு போயிட்டான்னு. நான் கேட்டேன், அவங்க விடலன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறா. உனக்கு எந்தக் காலத்துல வாயைத் திறந்து ஒண்ணு கேட்கத் தெரியும், நீ கேட்டிருந்தா எந்த மனுஷி முடியாதுன்னு சொல்வாங்கறா." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மெயில் வந்ததும் அவசரமாத் திறந்தேன். நான் கேட்டேன்னு ஒரு வரி அதுல இருக்கும்னு நினைச்சேன். அக்காகிட்ட காட்டலாம்னு."

அழித்த வரிகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தன. 'நீங்கள் கேட்டீர்கள், நான் மறுத்தேன்.' இருந்தது சார், இருந்தது, உங்கள் நன்மைக்காகத்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"உங்களுக்குச் சிரமமில்லன்னா, ரெண்டு வரி எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். "லேபிள் வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க எழுதலன்னாலும் வேலை உங்களுக்குத்தான்."

வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அந்த மனுஷன் என்னிடம் ஒன்று கேட்கிறார். "இன்னிக்கே எழுதறேன் சார்" என்றேன்.

ஆபீஸுக்கு வந்து முதலாளியிடம் சொல்லாமல் எழுத மனசு ஒப்பவில்லை. கம்பெனி மெயிலாச்சே. சொன்னதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பொய் சொன்னோம்னு எழுத்துல குடுக்கப் போறியா? பைத்தியமா உனக்கு? நாளைக்கு அவர் மேல இருக்கறவன் அதைப் பார்த்தா? வாயால சொல்லிக்கோ. அவங்க அக்கா வீட்டுக்கு வேணும்னாலும் போய்ச் சொல்லிட்டு வா. எழுத்து வேண்டாம்."

"அவர் எழுத்துலதான் கேட்டாரு சார்."

"கம்பெனி பேர் கெடும்."

"கம்பெனி பொய் சொல்லல சார். நான்தானே சொன்னேன். என் பேர்லயே எழுதறேன்."

முறைத்தார். நானும் நகரவில்லை. கடைசியில், "என்னமோ பண்ணித் தொலை, என்கிட்ட கேட்டேன்னு சொல்லாதே" என்று போனை எடுத்துக்கொண்டார்.

கணக்கு அக்காவிடமும் கேட்டேன். அன்று அழிக்கச் சொன்னவர் அவர்தானே, இன்று என்ன சொல்வாரோ என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அவர் முகமும் வாடிப்போனது.

"நான் வேற எடுக்கச் சொன்னேனே" என்றார். "அன்னிக்கு அவர் கேட்கல, நீயா ஏத்தப் பார்த்தே. இன்னிக்கு அவரே கேட்டு வாங்கறாரு. குடுத்துடு. ஆனா அழுகை வேண்டாம். நடந்ததை மட்டும் எழுது."

எழுதினேன். 'சார், அன்று காலை நீங்கள் எனக்குத் தொலைபேசியில் பேசினீர்கள். தந்தையார் மருத்துவமனையில் இருப்பதைச் சொல்லி, கூட்டத்தை மறுநாளுக்கு மாற்றக் கேட்டீர்கள். நான் மறுத்தேன். மெஷின் கிடைக்காது என்று நான் சொன்ன காரணம் பொய். கூட்டத்தின் நடுவிலும் நீங்கள் இருமுறை கிளம்ப வேண்டும் என்றீர்கள். நான் அதைக் கேலியாக்கி உங்களை நிறுத்தி வைத்தேன். இது முழுக்க என் தவறு. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.' கீழே என் கைபேசி எண்ணையும் போட்டேன். அனுப்பியதும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சு இலேசானது. அப்பாடா என்றிருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அச்சுக்கூடத்தில் ஃபோர்மேன் அண்ணனோடு நின்றிருந்தேன். ஷாம்பு லேபிளின் முதல் சுருள் ஓடிக்கொண்டிருந்தது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காகித உருளைகள் அடுக்கியிருக்கும் கிடங்குக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன்.

"நான் அவனோட அக்கா பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். வயதான, களைத்த குரல். "நீங்கதானே அந்த மெயில் எழுதினது?"

"ஆமாங்கம்மா."

"அவன் நிஜமாவே கேட்டானா? அவனுக்காக எழுதிக் குடுக்கலையே?"

"சத்தியமா கேட்டாருங்கம்மா. காலையில போன் பண்ணிக் கேட்டாரு. மீட்டிங்ல ரெண்டு தடவை கேட்டாரு. நான்தான் விடல."

"விட்டிருக்கலாமா?"

"விட்டிருக்கலாம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், வண்டை வண்டையாகக் கேட்கட்டும், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் அந்த அம்மா மெதுவாகப் பேச ஆரம்பித்தார். என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை.

"அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சு. தம்பி எங்கேன்னு கேட்டாரு. ரெண்டு மூணு வாட்டி கேட்டாரு. எனக்கு ஆத்திரம். கீழ கார்ல உட்கார்ந்துக்கிட்டு எவன்கூடவோ பேசிக்கிட்டு இருக்கானேன்னு. அப்ப நான் சொன்னேன், 'அவனுக்கு உங்களைவிட ஆபீஸ்தான் பெருசுப்பா, வர மாட்டான்'னு. அப்பா வாசப்பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தவர், முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் பேசவே இல்ல."

நான் உருளை ஒன்றில் சாய்ந்துகொண்டேன்.

"அவன் வர மாட்டான்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரு" என்றார் அந்த அம்மா. "இத்தனை நாளும் நான் உண்மையைத்தான் சொன்னேன்னு இருந்தேன். இப்ப நீங்க எழுதியிருக்கீங்க."

"அம்மா, தப்பு என்னோடது. நீங்க..."

"உங்க தப்பு உங்களோட. நான் சொன்னதை நீங்களா சொன்னீங்க?"

நேற்று இரவு நான் நன்றாகத் தூங்கினேனே, அந்தத் தூக்கத்தை நினைத்து அருவருப்பாக இருந்தது. கூடத்தில் மெஷின் ஓடுகிற அதிர்வு தரையில் தெரிந்தது.

"இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். "எப்பவும். அவன் தாங்க மாட்டான். யார்கிட்டயாவது ஒருத்தர்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. வீட்டு ஆளுங்ககிட்ட சொல்ல முடியல. நீங்க வெளி ஆள்."

"சொல்ல மாட்டேங்கம்மா."

வைத்துவிட்டார். ஃபோர்மேன் அண்ணன் கதவைத் திறந்து, கலர் சரியா இருக்கா வந்து பாரு ரேடியோ என்றார். போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருக்கு அண்ணா என்று சொன்னேன்.

மறுநாள் காலை பார்கோடு சாரிடமிருந்து மெயில் வந்திருந்தது. புதிய மெயில், எனக்கு மட்டும்.

'அம்மா, நேற்று அக்கா என் வீட்டுக்கு வந்தாள். வெகுநேரம் பேசினோம். அப்பா கடைசியில் என்னைத்தான் கேட்டாராம். இதோ வந்துகொண்டே இருக்கிறான் என்று அக்கா சொன்னாளாம். அதைக் கேட்டு அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாராம். இது எனக்கு இத்தனை நாளும் தெரியாது. உங்கள் மெயில் இல்லையென்றால் அக்கா இதை என்னிடம் சொல்லியிருக்கவே மாட்டாள். உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.'

கணக்கு அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை அக்கா, வேலை விஷயம் என்று திரையை மறைத்துக்கொண்டேன். பதில் எழுதாமல் விடவும் முடியாது. என்ன எழுதுவது? ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டினேன், அழித்தேன். அடியில் மறுபடி வந்து ஒட்டிக்கொண்ட தங்க நிற லேபிள் விளம்பரத்தை அழித்தேன். கடைசியில் 'உங்கள் தந்தையார் நிம்மதியாகப் போனார் என்று கேட்டதில் எனக்கும் ஆறுதல் சார்' என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதை அனுப்பி முடிக்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது.